ஏழு படங்களில் ஒரு பொங்கல் அழைப்பு

லண்டன் பக்கம் ஜனவரி நடுவில் சூரியன் எழுவது காலை எட்டு மணிக்கு. மாலை நாலேகாலைத் தாண்டியதும் மறைந்துவிடும். 2026ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், தை முதல் நாள் ஜனவரி 15, வியாழக்கிழமை. பெரியவர்களுக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி. அதனால் அங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் பலவும் அடுத்து வரும் சனியிலோ ஞாயிறிலோ ஒரு பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, எல்லோரும் கூடிப் பொங்கல் வைக்கின்றன. அச்சடித்த அழைப்பிதழைக் கடை வாசலில் ஒட்டிய காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது செய்தி போவது இன்ஸ்டாகிராமில், கரோசல் என்ற வடிவத்தில்: ஒரே பதிவில் பல படங்கள், விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. முன்பு ஒரு பதிவில் பத்துப் படங்கள் வரை போடலாம். 2024 முதல் இருபது வரை போடலாம். ஒரு பொங்கல் விழாவுக்கு ஏழு போதும்.

இப்படித் தயாராகும் அழைப்புகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். முதல் படத்தில் பானையும் கரும்பும். இரண்டாவதில் தலைவரின் வாழ்த்து. மூன்றாவதில் சிறப்பு விருந்தினர். நான்கில் ஆதரவாளர்களின் சின்னங்கள். ஆறாவது, ஏழாவது படத்துக்குப் போனால்தான் எத்தனை மணிக்கு வரவேண்டும், சாப்பாடு உண்டா, காசு எவ்வளவு என்பதெல்லாம் தெரியும். அதற்குள் பார்ப்பவர் விரல் வேறு எங்கோ போயிருக்கும். வரிசையைத் திருப்பிப் போடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் படத்தில் என்ன, எப்போது, எங்கே. இரண்டாவதில் நிகழ்ச்சி நேரம். மூன்றாவதில் சாப்பாடு. நான்காவதில் உணவு ஒவ்வாமை விவரம். ஐந்தில் மண்டபத்துக்கு வரும் வழி, வண்டி நிறுத்தும் இடம். ஆறில் கட்டணமும் பதிவு செய்யக் கடைசி நாளும். வாழ்த்து, விருந்தினர், ஆதரவாளர் எல்லாம் ஏழில்.

இதற்குக் காரணம் இந்தப் படங்கள் பயணம் செய்யும் விதம். ஏழு படங்களும் சேர்ந்தே எல்லோரிடமும் போவதில்லை. யாரோ ஒருவர் தனக்குப் பிடித்த ஒரு படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவார். அது பெரும்பாலும் சாப்பாட்டுப் படமாகத்தான் இருக்கும். குழுவில் இருக்கும் சித்தி அதைப் பார்த்து "எங்க? எப்ப?" என்று கேட்பார், அந்தப் படத்தில் பதில் இருக்காது. இன்ஸ்டாகிராமும், முதல் படத்தைத் தள்ளாமல் போனவருக்கு அடுத்த முறை அதே பதிவின் இரண்டாம் படத்தைக் காட்டுவதுண்டு. ஆகவே ஏழு படங்களில் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே ஒரு வரி இருக்கவேண்டும்: நாள், நேரம், மண்டபத்தின் பெயர், அஞ்சல் குறியீடு. இங்கிலாந்தில் அஞ்சல் குறியீடு இருந்தால் வண்டியில் வருபவருக்கு வேறு வழியே சொல்லவேண்டாம்.

இனி ஒரு விழாவை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இங்கிலாந்தில் ஒரு நடுத்தர நகரம். சங்கத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் ஈழத்துக் குடும்பங்களும் கலந்து, பெரியவர்கள் நூற்றுப் பத்துப் பேர், பிள்ளைகள் நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 17, சனிக்கிழமை. பள்ளி மண்டபம் காலை 9 முதல் மாலை 5 வரை கிடைத்திருக்கிறது. சாப்பாட்டு அறையில் ஒரே நேரத்தில் எண்பது பேர் உட்காரலாம்.

முதலில் நேரம். மண்டபம் கிடைக்கும் நேரம் வேறு, விருந்தினருக்குச் சொல்லவேண்டிய நேரம் வேறு. ஒன்பது மணிக்கு வருபவர்கள் நாற்காலி போடுபவர்களும் அடுப்பு கொண்டுவருபவர்களும்தான். ஐந்து மணிக்குள் தரை துடைத்துச் சாவியை ஒப்படைக்கவேண்டும், அதனால் விழா நான்கு மணிக்கே முடியவேண்டும். இந்த இரண்டு மணிகளும் தொண்டர்களின் தாளில் இருக்கட்டும். அழைப்பில் வரவே கூடாது. "காலை 9 முதல் மாலை 5 வரை" என்று போட்டுவிட்டால் மக்கள் பன்னிரண்டு மணிக்கு வருவார்கள். அவர்கள் மேல் குறை சொல்லமுடியாது. எட்டு மணி நேரத்தில் எது முக்கியம் என்று அழைப்பு சொல்லவில்லை.

ஜனங்கள் எதைப் பார்க்க வருகிறார்களோ அதற்கு நேரம் போடவேண்டும். பொங்கலில் அது பானை பொங்கும் கணம். பள்ளி மண்டபத்துக்குள் திறந்த தீ வைக்கப் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. புகை உணரும் கருவி அலறினால் கட்டடத்தையே காலி செய்யவேண்டும். எனவே பானை வெளியே, வாசல் முற்றத்தில், எரிவாயு அடுப்பில்தான். அதற்கும் பள்ளியிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுவது நல்லது. நான்கைந்து டிகிரிக் குளிரில், காற்றும் அடித்தால், பால் பொங்க வீட்டில் ஆவதைவிட நன்றாகவே கூடுதல் நேரம் பிடிக்கும். அடுப்பைச் சுற்றிக் காற்று மறைப்பு வைத்து, பதினொன்றுக்கு முன்பே பற்றவைத்தால் 11.30க்குப் பொங்கும். அழைப்பில் 11.30 என்றே போடுங்கள். பொங்கும் தறுவாயில் தீயைக் குறைத்தும் கூட்டியும் சற்றே நிறுத்திப்பிடிக்கலாம், பொங்கி முடிந்ததைத் திரும்பக் கொண்டுவரமுடியாது. மாலை நேரத்துக்குத் தள்ளிவைக்கும் சங்கங்கள் உண்டு. சூரியனுக்கு வைக்கும் பொங்கல், சூரியன் இருக்கும்போது நடப்பதுதான் சரி. இருட்டில் ஈரத் தரையில் பிள்ளைகள் நடுவே கொதிக்கும் பானை வைப்பதும் ஆபத்து.

அப்படிப் பார்த்தால் இரண்டாம் படத்தில் ஆறு வரிகள் போதும்:

10.30 – வரவேற்பு, கோலம்
11.30 – பானை பொங்கும் நேரம்
12.15 – பிள்ளைகள் நிகழ்ச்சி
1.00 – சாப்பாடு, முதல் பந்தி
1.45 – சாப்பாடு, இரண்டாம் பந்தி
2.45 முதல் 4.00 வரை – உறியடி, கயிறு இழுத்தல், பரிசளிப்பு

எந்தப் பிள்ளை எந்த நடனம், யார் பேச்சு என்ற விவரம் இந்தப் படத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வேண்டுமென்றே விட்டது. இன்ஸ்டாகிராமில் பதிவு போட்ட பிறகு அதில் ஒரு படத்தை எடுத்துவிடலாம்; ஆனால் எடுத்த இடத்தில் திருத்திய படத்தைப் பொருத்தமுடியாது. படத்தோடு வரும் கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஆகவே மாறாதவை படத்தில், மாறக்கூடியவை கேப்ஷனில். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நடனம் நின்றால் கேப்ஷனில் ஒரு வரி மாற்றினால் போதும். படத்திலேயே போட்டிருந்தால், முழுப் பதிவையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும். அதற்குள் பழைய படம் பல குழுக்களுக்குப் போயிருக்கும். பிறகு இரண்டு நிகழ்ச்சி நிரல்கள் ஊருக்குள் உலவும். எது புதியது என்று யாருக்கும் தெரியாது.

கேப்ஷனுக்கு 2,200 எழுத்துகள் வரை இடம் உண்டு. ஆனால் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது முதல் இரண்டு வரிகள்தான்; மீதி மடிந்திருக்கும். வாழ்த்தில் தொடங்காமல் நாளிலும் இடத்திலும் தொடங்கவேண்டும். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் செயலிகள் படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சரியாக வாசிப்பதில்லை. படத்தில் உள்ள முக்கிய விவரங்கள் கேப்ஷனிலும் எழுத்தாக இருந்தால் அவர்களுக்கும் போய்ச் சேரும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு சங்க விழாவின் பதிவில் அதிகம் வாசிக்கப்படுவதும், அதிகம் தவறு நேருவதும் இந்தப் படத்தில்தான். "அறுசுவை விருந்து உண்டு" என்று மட்டும் எழுதுவதில் யாருக்கும் பயன் இல்லை. வருபவர் அறிய விரும்புவது மூன்று: என்ன உணவு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என் பிள்ளை அதைச் சாப்பிடலாமா.

எத்தனை மணி வரை என்பதை ஏன் போடவேண்டும் என்றால், சோறு சார்ந்த உணவுக்கு ஒரு கெடு உண்டு. அரிசியில் இருக்கும் ஒரு வகை நுண்ணுயிரின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. சமைத்த சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. இங்கிலாந்தின் உணவு விதிப்படி சூடான உணவை 63 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டும். பரிமாறுவதற்காக அதற்குக் கீழே வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரம்தான், அதுவும் ஒரே முறை. வெண்பொங்கல் கெட்டியானது, அடிப் பாத்திரத்தில் சூடு தங்கும். பரிமாறும் தட்டில் பரப்பி வைத்தவுடன் மளமளவென்று ஆறிவிடும். எனவே 1 மணிக்குத் தொடங்கி 2.30க்குச் சாப்பாட்டை எடுத்துவைத்துவிட வேண்டும். "சாப்பாடு 1.00 – 2.30" என்று படத்தில் இருந்தால், மூன்று மணிக்கு வருபவரிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மிச்சத்தை டப்பாவில் கட்டிக் கொடுக்கும் நல்ல மனதும் இந்த இடத்தில் கொஞ்சம் அடங்கவேண்டும்.

அடுத்தது ஒவ்வாமை. நம் ஊரில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே வளரும் பிள்ளைகளில் முந்திரிக்கோ வேர்க்கடலைக்கோ உடம்பு கடுமையாகத் திருப்பியடிக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பெற்றோர், விவரம் இல்லாத அழைப்பைப் பார்த்தால் வரமாட்டார்கள், அல்லது வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்து மூலையில் உட்காருவார்கள். இங்கிலாந்தில் உணவு விற்பவர்கள் தெரிவிக்கவேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் பதினான்கு. நம் பொங்கல் சாப்பாட்டை அந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் வரும்.

பால், முந்திரி எல்லோருக்கும் தெரியும். கடுகும் அந்தப் பதினான்கில் ஒன்று. தாளிப்பு இல்லாத சமையல் நமக்கு எங்கே? சாம்பார், சட்னி, கூட்டு எல்லாவற்றுக்கும் கடுகு என்று எழுதியே ஆகவேண்டும். எள்ளும் பட்டியலில் உண்டு. பால் பொருள் சாப்பிடாதவர்களுக்காக நெய்யை விட்டு நல்லெண்ணெய் ஊற்றினால், பால் போய் எள் வந்துவிடும். மாற்றியவர் இதை மறந்துவிடுவார். பொன்னிறமாக வரும் உலர்திராட்சையில் நிறம் மாறாமல் இருக்கக் கந்தக டையாக்சைடு சேர்ப்பதுண்டு. அதுவும் ஒன்று. இவற்றைவிட மறைவானது பெருங்காயம். கடையில் டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். உளுந்து வடையில் கோதுமை எங்கே என்று சமைப்பவர் கேட்பார். டப்பாவின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் எழுதியிருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் "வடை, சாம்பார்தானே" என்று நம்பிச் சாப்பிட்டு அவதிப்படுவது இப்படித்தான். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடைகளில் கிடைக்கிறது. தேங்காய்க்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. என்றாலும் தேங்காய் ஒத்துக்கொள்ளாதவரும் இருக்கலாம் என்பதால் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

இந்தக் கணக்கில் நம் எடுத்துக்காட்டு விழாவின் மூன்றாம், நான்காம் படங்கள் சேர்ந்து இப்படி வரும்:

மதியச் சாப்பாடு 1.00 – 2.30, முழுதும் சைவம், முட்டை இல்லை
சர்க்கரைப் பொங்கல் – பால், முந்திரி, கந்தக டையாக்சைடு (திராட்சை)
வெண்பொங்கல் – பால் (நெய்), முந்திரி
மெதுவடை – கோதுமை (பெருங்காயம்)
சாம்பார் – கடுகு, கோதுமை (பெருங்காயம்)
தேங்காய்ச் சட்னி – தேங்காய், கடுகு
முந்திரி, நெய் இல்லாத வெண்பொங்கல் தனிப் பானையில் உண்டு – எள் (நல்லெண்ணெய்). பதிவு செய்யும்போது சொல்லவும்.

கடைசி வரிதான் இதில் பெரிய வேலை வாங்கும். தனிப் பானை என்றால் தனிக் கரண்டி, தனி மேசை, பரிமாற ஒரு தனி ஆள். முந்திரியை நெய்யில் வறுத்த கரண்டியையே இதிலும் போட்டால் எழுதியது பொய்யாகிவிடும். அந்த ஏற்பாடு செய்யமுடியாவிட்டால் அந்த வரியையும் போடக்கூடாது. "எல்லாம் ஒரே சமையலறையில் சமைக்கப்படுகின்றன, முந்திரி ஒவ்வாதவர்கள் கவனிக்கவும்" என்று உள்ளதைச் சொல்லிவிடலாம். செய்யமுடியாததை வாக்குக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அளவும் இந்தப் படத்தோடு ஒட்டியதுதான், ஏனென்றால் பதிவுக்குக் கடைசி நாளை அளவுதான் முடிவு செய்கிறது. நூற்றைம்பது பேருக்கு, மற்ற உணவும் இருக்கும்போது, சர்க்கரைப் பொங்கலுக்கு நான்கு கிலோ அரிசி, ஒன்றேகால் கிலோ பாசிப்பருப்பு, ஆறு கிலோ வெல்லம் இருந்தால் ஆளுக்கு ஒரு நிறைந்த கரண்டி தாராளமாக வரும். வடைக்கு உளுந்தை முதல் நாள் இரவே ஊறவைக்கவேண்டும். கரும்புக்கும் வெல்லத்துக்கும் தமிழ்க் கடையில் முன்னதாகச் சொல்லிவைக்கவேண்டும். பொங்கல் வாரத்தில் கரும்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகையால் 17ஆம் தேதி விழாவுக்குப் பதிவு 10ஆம் தேதி முடிந்தால்தான் சமைப்பவர் நிம்மதியாக வாங்கமுடியும். படத்தில் "ஜனவரி 10க்குள்" என்று மட்டும் போடாமல் "சாப்பாட்டுக் கணக்குக்காக" என்ற சொல்லையும் சேர்த்தால் மக்கள் மதிக்கிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழ், பன்னிரண்டு வயதுக்குக் கீழ், பெரியவர் என்று மூன்று எண்ணிக்கை கேட்டால் போதும்.

பதிவு செய்யும் முறையில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது: படத்தில் சதுரக் குறியீடு, அதாவது க்யூஆர் கோடு போடுவது. பார்ப்பவர் கையில் இருப்பதே அந்த ஒரு போன்தான். அதன் திரையில் இருக்கும் குறியீட்டை அதே போனின் கேமராவால் எப்படிப் பிடிப்பது? கடை வாசலில் ஒட்டும் தாளுக்கு அது சரி. கரோசலில் அந்த இடத்தைச் சுருக்கமான இணைய முகவரிக்கும் தொடர்புக்கான எண்ணுக்கும் விடவேண்டும். கேப்ஷனில் போடும் இணைப்பும் தொட்டால் திறக்காது, ஆகவே சங்கத்தின் கணக்குப் பக்கத்தின் மேல்பகுதியில் இணைப்பை வைத்துவிட்டு "இணைப்பு எங்கள் பக்கத்தில்" என்று சொல்லவேண்டும்.

எழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். படத்தின் அளவு அகலம் 1080, உயரம் 1350 புள்ளிகள் என்று வைத்தால் போன் திரையில் நன்றாக நிறைந்து நிற்கும். முதல் படத்தின் வடிவமே எல்லாப் படங்களுக்கும் ஆகிவிடும். நீளப் படத்தையும் சதுரப் படத்தையும் கலந்தால் ஓரம் வெட்டுப்படும். கணினியில் பெரிதாகத் தெரியும் எழுத்து, உள்ளங்கையளவு திரையில் எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிடும். ஒரு படத்தில் எட்டு, ஒன்பது வரிக்கு மேல் போகக்கூடாது.

தமிழுக்கென்று வரும் கோளாறு ஒன்று உண்டு, அது சரியாக "பொங்கல்" என்ற சொல்லிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். "பொ" என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னும் கால் பின்னும் வரவேண்டும். இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதியை இயக்காத வடிவமைப்பு மென்பொருளில், கொம்பு இடம் மாறிப் பகரத்துக்குப் பின்னால் போய்விடும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் இது அடிக்கடி நடக்கும். பத்தி அமைப்பில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். இன்னொன்று, எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டும் வசதி. ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கிறதே என்று தமிழிலும் போட்டால், கொம்பும் காலும் உடலைவிட்டுத் தள்ளி நிற்கும். தமிழுக்கு அந்த இடைவெளியைச் சுழியத்திலேயே விட்டுவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கடமரன், ஹிந்த் மதுரை போன்ற இலவச எழுத்துருக்கள் எல்லாம் யுனிகோட் எழுத்துருக்கள்தான். போனில் தட்டிய தமிழை அப்படியே ஒட்டலாம். படத்தை முடித்ததும் "பொ", "கோ", "சௌ" வரும் சொற்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் பிழை இருந்தால் உடனே கண்ணில் படும்.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும், அவர்களை மணந்துகொண்டு வந்த வேற்றுமொழிக்காரர்களும் விழாவுக்கு வருகிறார்கள். ஏழு படங்களையும் இரண்டு மொழியில் நிரப்பினால் ஒன்றும் வாசிக்கமுடியாது. முதல் படமும் ஒவ்வாமைப் படமும் கட்டாயம் இரண்டு மொழியில் இருக்கட்டும். மற்றவை தமிழில் இருந்து, ஆங்கிலம் கேப்ஷனில் வரட்டும். முதல் படத்தில் சென்ற ஆண்டு எடுத்த பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் போடுவதானால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எல்லாம் தயாரானதும், பதிவேற்றும் முன் இரண்டு பேரிடம் காட்டவேண்டும். முதலாமவர் சங்கத்தோடு தொடர்பில்லாத ஒருவர். சாப்பாட்டுப் படத்தை மட்டும் அவர் போனுக்கு அனுப்பி, எங்கே, எப்போது என்று கேளுங்கள். சொல்லமுடியாவிட்டால் அடிவரி விட்டுப்போயிருக்கிறது. இரண்டாமவர் அன்று சமைக்கப்போகிறவர். ஒவ்வாமைப் பட்டியலை அவர் பெருங்காய டப்பாவையும் திராட்சைப் பொட்டலத்தையும் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்க்கட்டும். அவர் சரி என்று சொல்லும்வரை அந்தப் படத்தைப் போடாதீர்கள்.